புளி, இஞ்சி, அறுபது மில்லி: ஒரு மெனு வாசகத்தை வாசித்தல்

மெனு அட்டையை யாரும் பிரதியாக எடுத்துக்கொள்வதில்லை. கவிதைத் தொகுதிக்கு ஆயிரம் பிரதிகள் விற்பதே பெரிய பாடாக இருக்கிற மொழியில், ஒரே ஒரு பத்தியை ராத்திரிக்கு நூறு பேர் படிக்கிறார்கள், படித்த கையோடு காசையும் எடுத்து வைக்கிறார்கள் என்றால் அந்த எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தானே வேண்டும். எனக்கு இந்த யோசனை தானாக வரவில்லை. வேலூரை ஒட்டி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு ஓட்டல் பாரில் பானம் கலக்கிற தம்பி ஒருவன் (முன்னொரு காலத்தில் என்னிடம் படித்தவன், வாணியம்பாடிக்காரன்) ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். 'சார், புதுசா ஒரு காக்டெயில் போட்ருக்கோம். புளியும் இஞ்சியும். இங்கிலீஷ்ல பெங்களூர்ல இருந்து எழுதி அனுப்பிச்சிருக்காங்க. தமிழ்லயும் வேணுமாம். நீங்கதான் எழுதித் தரணும். கேட்டா குடிக்கணும்னு தோணணும். ஆனா பொய் இருக்கக்கூடாது சார், நான்தான் கவுன்டர்ல நிக்கிறேன்.'

இரண்டு நிபந்தனைகள். ஆசை காட்டணும், பொய் சொல்லக்கூடாது. விளம்பர மொழியைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக எனக்கு முன்னால் யாரும் வைத்ததில்லை.

ஆங்கில வாசகத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன். நம்ம பேட்டையின் பார் இது. இங்கே பாலாற்றங்கரைப் புளியும் மலைத்தோட்டத்து இஞ்சியும் பாட்டியின் கைப்பக்குவத்தில் முதிர்ந்த பிராந்தியோடு கலக்கின்றன. முடிவில் நாக்கில் மெல்லிய தோல் வாசனை ஒன்று தங்கும், அது இந்த மண்ணின் மரபுக்கு ஒரு வணக்கம். இவ்வளவுதான். ஆறு பொய்கள் என்று எண்ணி வைத்தேன். தம்பி ஏழு என்றான்.

முதல் பொய் 'நம்ம பேட்டையின் பார்' என்பதிலேயே இருக்கிறது. லண்டனிலோ டப்ளினிலோ தெருமுனைக் குடிக்கூடம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு சமூக வரலாறு இருக்கிறது. இங்கே குடி இரண்டு சட்டங்களால் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. கடையை ஒட்டி இருக்கிற 'பார்' என்பது உண்மையில் தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும் ஏலம் விடப்பட்ட ஒரு கொட்டகை. அங்கே யாரும் யாருக்கும் எதையும் கலக்கிக் கொடுப்பதில்லை. குடிக்கிறவனே கலக்கிக்கொள்கிறான். மெனு கிடையாது. 'ஒரு குவார்ட்டர்', 'ஒரு கட்டிங்' என்பதோடு மொழி முடிந்துவிடும். குவார்ட்டர் 180 மில்லி. கட்டிங் என்பது முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு போட்டு அதைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. (தமிழ்நாட்டில் சாதி கேட்காமல் நடக்கிற அபூர்வமான கூட்டுறவுகளில் ஒன்று அது என்று ஒரு நண்பர் சொல்வார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.) இன்னொரு பக்கம் எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல் பார். கலக்குகிறவன், ஐஸ், கண்ணாடிக் கோப்பை, அட்டை எல்லாம் அங்கேதான். ஆக, பேட்டைக்காரன் குடிக்கிற இடத்தில் காக்டெயில் கிடையாது, காக்டெயில் கிடைக்கிற இடத்துக்குப் பேட்டைக்காரன் வருவதில்லை. அந்த ஓட்டலுக்கு வருபவர்கள் ஷூ கம்பெனிக்கு ஆர்டர் பேச வருகிறவர்கள், கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியைக் கூட்டிவந்து பத்து நாளாய்க் காத்துக் கிடக்கிற வங்காள உறவினர்கள், பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில் வண்டியை நிறுத்துகிறவர்கள். 'நம்ம பேட்டை' என்ற சொல் அந்தப் பேட்டையில் இல்லாதவனுக்காகத்தான் எழுதப்படுகிறது.

அதற்கு மேல் இந்தப் பேட்டைக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் அன்றைக்கு அந்த மாவட்டம்தான். அதாவது மாகாணம் முழுக்கத் தடை வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே இங்கே கள்ளுக்கடை மூடிப் பார்த்தாயிற்று. பிறகு தளர்த்தல், 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு, 1971இல் திறப்பு, 1974இல் மறுபடி மூடல், 1981இல் மறுபடி திறப்பு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகத்தை நடத்துகிற இஸ்லாமியக் குடும்பங்களில் மது விலக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் 'மரபுக்கு ஒரு வணக்கம்' என்று ஒரு கோப்பையைத் தூக்கினால் எந்த மரபுக்கு?

இனி அந்தத் தோல் வாசனை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்தச் சொல்தான்.

விஸ்கி, பிராந்தி, சிவப்பு வைன் இவற்றைச் சுவைத்து எழுதும் ஐரோப்பிய மரபில் 'தோல்' என்பது ஒரு பாராட்டு. பழைய நூலகம், மெத்தை நாற்காலி, குதிரைச் சேணம் என்று ஒரு பட்டியலே நினைவுக்கு வரும். ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் வைனைப் பற்றி எழுதும்போது, பிரெஞ்சுக்காரனுக்கு வைன் எவ்வளவுதான் அழகிய தொன்மமாக இருந்தாலும் அல்ஜீரியாவில் ரொட்டிக்கு நிலம் இல்லாத முஸ்லிம் மக்களின் மண்ணில் அது விளைவிக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடவில்லை. உற்பத்தியை மறப்பதில்தான் அந்தத் தொன்மம் உயிர் வாழ்கிறது. 'தோல் வாசனை' இதன் சரியான உதாரணம். ஆம்பூரில் முடிந்து, மெருகேறி, ஷூவாகிக் கப்பலேறிப் போகிற தோலுக்கு ஒரு வாசனை இருக்கிறது. அது அங்கே போய் ஒரு சொல்லாகி, மதுச் சுவைஞனின் அகராதியில் ஏறி, பெங்களூர் வழியாக மெனு அட்டையாய் மறுபடி இங்கேயே வந்து இறங்குகிறது. வந்து இறங்கிய ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்.

தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'எங்கப்பா சுண்ணாம்புக் குழியில வேலை பாத்தாரு சார். பச்சைத் தோல சுண்ணாம்புல ஊறப்போட்டு மயிர் கழட்டுற எடம். வீட்டுக்கு வந்தா நேரா கிணத்தடிக்குத்தான் போவாரு. எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. பஸ்ல பக்கத்துல ஒக்காந்தவன் எழுந்து போவான். அந்த வாசனை தெரியக்கூடாதுன்னுதான் குடிக்க ஆரம்பிச்சாரு, அப்புறம் குடி வாசனை வந்துடுச்சு. இப்ப நான் இன்னா பண்ணணும், சிரிச்சிக்கிட்டே, சார் இதுல லெதர் நோட் இருக்குன்னு சொல்லணுமா?'

சொல்லக்கூடாது. மனம் நோகும் என்பது இருக்கட்டும், அந்தக் கோப்பையில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது துவர்ப்பு. நாக்கின் இரண்டு பக்கமும் வறண்டு இழுத்துப் பிடிக்கிற உணர்வு. அதற்குக் காரணம் டானின் என்கிற துவர்ப்புப் பொருள். அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டால் வாய் வறளும், தோலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டால் தோல் அழுகாமல் பதமாகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு இந்த வட்டாரத்தில் தோல் பதனிட்டதெல்லாம் இந்த ஒரே காரியத்தால்தான். 1970களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தபோது குரோம் உப்பு பரவியது, பட்டை பின்னுக்குப் போனது. ஆக இந்தக் கோப்பைக்கும் தோல் தொழிலுக்கும் உறவு உண்டு. வாசனையால் வந்த உறவல்ல, துவர்ப்பால் வந்த உறவு. ஆறு சுவைகளில் ஒன்றாய்த் தமிழில் ரொம்ப காலமாக அந்தச் சொல் இருக்கும்போது, நாற்காலி வாசனையை எதற்குக் கடன் வாங்குவது?

சரி, அந்தத் துவர்ப்பு கோப்பைக்குள் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் சரக்கு வெளியே வந்தது. அவன் கலக்குகிற முறை இது: 60 மில்லி பிராந்தி, 30 மில்லி புளிக்கரைசல், 20 மில்லி வெல்லப்பாகு, 10 மில்லி இஞ்சிச்சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸோடு பன்னிரண்டு பதினைந்து விநாடி குலுக்கி வடிகட்ட வேண்டும். நூறு கிராம் புளிக்கு முந்நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிஷம் ஊறல், கையால் பிசைந்து வடிகட்டல். முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்ததாம். இரண்டாவது வாரம் கூட்டம் அதிகமாகி, நேரம் மிச்சம் என்று கொட்டை நீக்காத புளியை மிக்ஸியில் போட்டு அடித்திருக்கிறார்கள். கொட்டையின் சிவந்த மேல்தோலில்தான் டானின் மண்டிக் கிடக்கிறது. அது உடைந்து கலந்ததில் பானம் வாயை இழுக்க ஆரம்பித்தது. அதை ருசி பார்த்த யாரோ ஒரு மேலாளர் 'ஆகா, லெதர்' என்று சொல்லிவிட்டார். பிழை மரபாகிவிட்டது! இலக்கியத்தில் இப்படி நடந்தவற்றுக்கு நம்மிடம் உதாரணங்கள் குறைவில்லை.

கொட்டை உடைந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். வடிகட்டிய கரைசலை ஒரு கண்ணாடி டம்ளரில் கால் மணி நேரம் வைத்தால் அடியில் செம்மண் மாதிரி பொடி தங்கும். கையால் பிசைந்த கரைசலில் தங்குவது சதை, அது கூழாக இருக்கும், விரலில் நெருடாது. இரண்டிலும் பானம் கலங்கல்தான். புளிச்சதையில் இருக்கிற பெக்டின் அதைத் தெளிய விடாது. ஆங்கில அட்டையில் ஒட்டியிருந்த படத்தில் பானம் தேன் மாதிரி பளபளவென்று ஊடுருவித் தெரிகிறது. மேஜைக்கு வருவது மழைக்காலத்து ஏரித் தண்ணீர் நிறத்தில். இது ஒரு குறையே இல்லை. ரசம் கலங்கலாக இருக்கிறதென்று யாராவது திருப்பி அனுப்புகிறார்களா? ஆனால் படத்தைக் காட்டிவிட்டு இதைக் கொடுத்தால் குறைதான்.

புளியின் வயது இன்னொரு விஷயம். தை முதல் சித்திரை வரை வருகிற புதுப்புளி பழுப்பு நிறம், புளிப்பு கூர்மையாக நிற்கும். வருஷம் திரும்பிய பழம்புளி கறுத்து, உப்போடு சேர்ந்து அடங்கிப்போன ருசி கொடுக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே அளவு வெல்லப்பாகு சரிப்படாது, பழசுக்குப் பாகைக் குறைக்க வேண்டும். பழம்புளியில் விற்கிறவர்கள் ஏற்கனவே உப்புச் சேர்த்திருப்பார்கள், எனவே சிட்டிகை உப்பையும் விட்டுவிடலாம். 'பாலாற்றங்கரைப் புளி' என்று அட்டை சொல்கிறது. மளிகைக் கடை மூட்டையில் எந்தக் கரை என்று எழுதியிருப்பதில்லை. வெல்லத்தைப் பற்றி மட்டும் நிஜமாகவே ஊர்ப் பெயர் சொல்லலாம், அது வேலூர் மண்டியில் வாங்கியது. அட்டையிலோ வெல்லம் இடம்பெறவே இல்லை. ஏன்? வெல்லம் ரொம்ப வீட்டுச் சாமான், புளி இஞ்சி மாதிரி வெளிநாட்டுக் காதுக்குக் கவர்ச்சியாகப் படவில்லை.

இஞ்சியில்தான் ஏழாவது பொய். அட்டை 'அப்போது பிழிந்த இஞ்சி' என்கிறது. சாறு பிழிவது காலை பதினோரு மணிக்கு. ராத்திரி எட்டு மணிக்குள் காரம் மங்கி, ஒரு மாதிரி மண்வாசனை மேலே வந்துவிடும். அடியில் வெள்ளையாய் மாவு தங்கும், அதைக் கலக்கிவிட்டாலும் காரம் திரும்பாது. 'அப்ப இன்னா செய்வ?' என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, 'ஒரு சிட்டிகை சுக்குப் பொடி போட்டுக்குவேன் சார்' என்றான். அவன் வெட்கப்பட்டான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இஞ்சி காயும்போது அதன் ஜிஞ்சரால் ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது, அதன் காரம் இன்னும் உறைப்பு. இஞ்சி நாக்கு நுனியில் சுள்ளென்று பட்டுப் போய்விடும், சுக்கு தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் வேலையைக் காட்டும். நம் பானகத்தில் பச்சை இஞ்சியை விட்டுச் சுக்கைப் போட்டதற்கு இந்தக் கணக்குத்தான் காரணமாய் இருக்க வேண்டும். வெல்லம், புளி, சுக்கு, ஏலம். கோடையில் கோயில் வாசலில் கொடுக்கிற பானகத்தில் அறுபது மில்லி ஊற்றினால் அதுதான் இந்தக் காக்டெயில். அவன் ஏமாற்று என்று நினைத்து மறைத்ததுதான் அட்டையில் எழுதத் தகுந்த ஒரே நுட்பம்.

அப்படியானால் இதற்குப் 'பானகம்' என்றே பெயர் வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன். பானகம் வரிசையில் நின்று கைநீட்டி வாங்குகிற இனாம் பண்டம், அதன் பெயரில் ஒரு பக்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து நானூறு ரூபாய்க் கோப்பைக்கு ஒட்டுவது பாட்டியின் கைப்பக்குவம் என்று எழுதுவதற்குச் சமானம். ஆம்பூர்க்காரர் ஒருவர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அரபியில் புளிக்குப் பெயரே 'இந்தியப் பேரீச்சை', தமர் ஹிந்தி. ஐரோப்பிய மொழிகளின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். எகிப்திலும் சிரியாவிலும் நோன்பு திறக்கக் குடிக்கிற புளிப் பானத்துக்கும் அதே பெயர். ஆக இந்தப் புளித்தண்ணீர் இரண்டு மதங்களிலும் சாராயம் கலக்காத புனிதப் பானமாக இருந்துவருகிறது. அதோடு மதுவைச் சேர்க்கிறவன் குறைந்தபட்சம் பெயரையாவது தொடாமல் விடலாம்.

காக்டெயில் என்பதே வந்தேறிச் சமாச்சாரம்தானே, இதில் உண்மை பொய் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கலவை மதுவின் மூதாதையான 'பஞ்ச்' இந்தியக் கடற்கரையில் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் குடித்து உருவானது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று 1632இல் பெத்தபள்ளி வணிகருக்கு, அதாவது இன்றைய ஆந்திரக் கரைக்கு, எழுதப்பட்ட ஒரு கடிதம். ஐந்து பொருள் சேர்வதால் பஞ்ச் என்று ஃப்ரையர் சொன்னார், அகராதிக்காரர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள். அது போகட்டும். எனக்கு முக்கியம் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே. மொகலாய அரசில் பல வருஷம் இருந்துவிட்டு 1670 வாக்கில் தன் பயணத்தை வெளியிட்டவர். வங்கத்தில் கப்பல்காரர்கள் குடித்த 'பூல்போன்ழ்' என்ற பானத்தைப் பற்றி அவர் சொல்வது இவ்வளவுதான்: இது கறுப்பு வெல்லத்திலிருந்து காய்ச்சிய சாராயம், எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் கலந்து, மேலே கொஞ்சம் ஜாதிக்காய் சுரண்டிப் போட்டது. குடிக்க நன்றாகவே இருக்கும், உடம்புக்கு ரொம்பக் கெடுதல்.

என்னைப் பொறுத்தவரை மெனு வாசகத்தின் இலக்கணம் இந்த இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. சாராயம் எதிலிருந்து வந்தது, புளிப்பு எது, மேலே என்ன, ருசி எப்படி, உடம்புக்கு என்ன. 'வெல்லத்திலிருந்து காய்ச்சிய' என்றவுடன் நாக்கில் ஏதோ ஊறுகிறது, 'ஜாதிக்காய் சுரண்டி' என்றவுடன் மூக்குக்கு ஏறுகிறது. ஆசை உரிச்சொல்லிலிருந்து வரவில்லை, பொருளின் பெயரிலிருந்தும் கை செய்கிற வேலையிலிருந்தும் வருகிறது. இதற்குப் பிறகு வந்தது என்ன? இந்த வாசகம் இரண்டாகக் கிழிந்துவிட்டது. முதல் பாதியை ஓட்டல் அட்டை எடுத்துக்கொண்டது, இரண்டாவது பாதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதி வைத்துக்கொண்டு அதே கையால் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிற கவுன்டர் நம்முடையது. அட்டை ஆசை காட்டுகிறது, உண்மை சொல்வதில்லை. அரசு வாசகம் உண்மை சொல்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. படிக்காமல் போவதற்காகவே எழுதப்பட்ட உண்மை என்றுகூடச் சொல்லலாம். எவ்வளவு குடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்வதே இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நம்மூர் பிராந்தி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீதம். அறுபது மில்லியில் சுத்த ஆல்கஹால் 25.7 மில்லி, எடையில் சுமார் இருபது கிராம். குலுக்கும்போது ஐஸ் கரைந்து 120 மில்லி கலவை சுமார் 150 ஆகிறது. அப்படியும் கோப்பையில் 17 சதவீதம். பீரைவிட மூன்று மடங்கு, வைனைவிட அதிகம். ஆனால் புளியும் வெல்லமும் சுக்கும் சேர்ந்து சாராயத்தின் எரிச்சலை மறைத்துவிடும், காரம் எல்லாம் சுக்கின் கணக்கில் போய்விடும். ராவாய்க் குடிப்பவனுக்குத் தொண்டை எச்சரிக்கை செய்யும். இதில் அந்த எச்சரிக்கையைத்தான் நாம் காசு வாங்கிக்கொண்டு அகற்றுகிறோம். அதனால் அளவைச் சொல்ல வேண்டிய கடமை மற்ற எந்தப் பானத்தையும்விட இதற்கு அதிகம். இது தம்பி உடனே ஒத்துக்கொண்ட விஷயம்: 'மூணு உள்ள போனப்புறம்தான் சார் அவங்களுக்கே தெரியும்.'

பிராந்தி விஷயத்தில் சண்டை வந்தது. 'முதிர்ந்த பிராந்தி' என்றால் படிக்கிறவன் திராட்சையையும் மரப்பீப்பாயையும் நினைப்பான். நம் சந்தையில் பிராந்தி என்ற பெயரில் சாதாரணமாய்க் கிடைப்பதன் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சிய நடுநிலைச் சாராயம், நிறமும் மணமும் சேர்த்தது. ரம் என்று எழுதினால் அந்த வம்பே இல்லை, ரம்முக்கே பூர்வீகம் கரும்புதான். வெல்லத்துக்கும் அதற்கும் ஒரே தாய், பெர்னியேவின் பானத்துக்கும் சொந்தம். ருசியிலும் வெல்லத்தோடு ஒட்டும். தம்பி யோசித்தான். 'தமிழ்நாட்டு கஸ்டமரு பிராந்திதான் சார் கேப்பாங்க, ரம்னா மிலிட்டரி சரக்கும்பாங்க.' கடைசியில் இரண்டையும் கலக்கிக் கொடுத்தான். ரம்தான் ஜெயித்தது.

மிச்சம் இருப்பது தண்ணீர். 150 மில்லியில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புளி ஊறியது, பாகு காய்ச்சியது, ஐஸ் கரைந்தது எல்லாமே தண்ணீர். 'பாலாறு' என்று அட்டையில் எழுதுகிறவன் இதைத்தான் அழகாகத் தாண்டிப் போகிறான். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒரு கிலோ தோலுக்கு முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு என்பது நாக்கே சொல்லும். இந்த உப்பு பானத்திலும் பேசும். ஒருநாள் கேன் தண்ணீர் தீர்ந்து, ஓட்டலின் போர்வெல் தண்ணீரில் புளி ஊறவைத்தபோது புளிப்பு மழுங்கிப்போனதாம், பாகைக் கூட்டியும் குறைத்தும் சரிவரவில்லையாம். கடினத் தண்ணீரில் இருக்கிற கார உப்பு அமிலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அன்றிலிருந்து புளி, பாகு, ஐஸ் மூன்றும் சுத்திகரித்த கேன் தண்ணீர். அப்படியென்றால் அதை எழுது என்றேன். 'பாலாறு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கேன் தண்ணீர்' என்று வை. ஆசை குறையும் என்றான். குறையவில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். இந்த ஊர்க்காரன் அந்தச் சொல்லைப் படித்ததும் ஆறுதலோடு கோப்பையைக் கையில் எடுப்பான்.

நான் எழுதிக் கொடுத்தது இது.

'புளி இஞ்சி ரம். கரும்பு ரம் 60 மில்லி. கையால் கரைத்து வடித்த புளி, வேலூர் மண்டி வெல்லப்பாகு, இஞ்சிச்சாறு, ராத்திரியானால் ஒரு சிட்டிகை சுக்கு. கலங்கலாகத்தான் இருக்கும். முதலில் புளிக்கும், பிறகு இனிக்கும், விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கு எழும்பும். சாராயம் இருப்பது நாக்குக்குத் தெரியாது. ஒரு கோப்பை ஒரு லார்ஜ் ரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவும். புளி வயிற்றை இளக்கும். எல்லாம் கேன் தண்ணீர், ஐஸ் உள்பட.'

இதில் எனக்குத் திருப்தியில்லாத இடம் ஒன்று உண்டு. 'கரும்பு ரம்' என்பது கூறியது கூறல். ஆனால் அந்தக் 'கரும்பு' இல்லாமல் வாக்கியத்துக்கு ருசி வரவில்லை. துவர்ப்பை நான் எழுதவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். கையால் கரைத்தால் அது பெரிதாக வராது. தோல் இருந்த இடத்தில் துவர்ப்பைக் கொண்டுவந்து வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. கோப்பையில் இல்லாததை அட்டையில் வைப்பது என்ற அதே காரியத்தை நானும் செய்யப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி போன் பண்ணினான். அச்சாகிவிட்டதாம். 'கலங்கலாகத்தான்' இருக்கிறதாம், சுக்கு இருக்கிறதாம், ரம் கணக்குகூட இருக்கிறதாம். வயிறு இளக்குவதும் கேன் தண்ணீரும் போய்விட்டன. அந்த இரண்டும் இருந்த இடத்தில் மறுபடியும் பாலாறு ஓடுகிறது. 'மேல சொல்லிட்டாங்க சார், நான் இன்னா பண்றது. கேக்கறவங்களுக்கு மட்டும் வாயால சொல்லிக்கிட்டிருக்கேன்.' எத்தனை பேர் கேட்டார்கள் என்றேன். வங்காளத்துப் பெரியவர் ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு வந்தவர், அட்டையைப் படிக்காமலே இது எந்தத் தண்ணீர் என்று கேட்டாராம். கேன் என்று தெரிந்ததும் இரண்டாவது கோப்பை வேண்டாம், பில் கொண்டுவா என்றாராம், முதல் கோப்பையையே மெல்ல மெல்ல ஒரு மணி நேரம் வைத்துக் குடித்துவிட்டுப் போனாராம்.